ஆலோசகர் குழுவிலிருந்து விலகுகிறேன்: பேசிய 0.5% ஈக்விட்டி என்ன கணக்கு?

வெளிநடை எழுதியது:

ஒரு சின்ன மென்பொருள் ஸ்டார்ட்அப்பின் அட்வைசரி போர்டில் இருக்கிறேன். கிடங்குகளில் சரக்கு எங்கே இருக்கிறது என்று கண்காணிக்கும் மென்பொருள் அவர்களுடையது. நான் அந்தத் துறையில் வெகுகாலம் வேலை பார்த்தவன் என்பதால், விலை எப்படி வைப்பது, முதல் வாடிக்கையாளர்களை எப்படி அணுகுவது என்றெல்லாம் மாதம் நாலைந்து மணி நேரம் உட்கார்ந்து பேசுவேன். இப்போது எனக்குப் புது வேலை கிடைத்திருக்கிறது. அங்கே வெளிப் பொறுப்பு எதுவும் கூடாதாம். அதனால் விலகுகிறேன். சண்டையெல்லாம் இல்லை.

ஆலோசனைக்குப் பணம் வாங்கவில்லை, ஈக்விட்டிதான், அதாவது நிறுவனத்தில் பங்குதான் பேச்சு. இரண்டு பக்க ஒப்பந்தம் இருக்கிறது: 0.5 சதவீதம், 24 மாத வெஸ்டிங், அதாவது மாதாமாதம் ஒரு பகுதி எனக்கு உரிமையாகும், முதல் 3 மாதம் கிளிஃப், அதற்குள் விலகினால் ஒன்றும் கிடையாது. கையெழுத்துப் போட்டு 14 மாதமும் 10 நாளும் ஆகிறது. ஆனால் குறித்த விலையில் பங்கு வாங்கும் உரிமையைத் தரும் ஆப்ஷன் கடிதம் என்று ஒன்று இதுவரை என் கைக்கு வரவில்லை. இரண்டு முறை கேட்டேன். "அடுத்த போர்டு மீட்டிங்கில் போட்டுவிடுகிறோம்" என்றார் நிறுவனர். நடுவில் ஆறு மாதம் முன்பு ஒரு ரவுண்டு முதலீடும் வாங்கிவிட்டார்கள்.

போன வாரம் நிறுவனரிடம் போனில் சொன்னேன். அப்புறம் "இந்த மாதக் கடைசியோடு விலகிக்கொள்ளலாம் என்று இருக்கிறேன்" என்று வாட்ஸப்பில் ஒரு வரியும் போட்டேன். அன்பாகத்தான் பதில் சொன்னார். மறுநாள் ஒரு பக்க "விலகல் ஒப்பந்தம்" அனுப்பினார். அதில் மூன்று விஷயம் உறுத்துகிறது. ஒன்று, நிறுவனத்தின் மீது எனக்குள்ள "அறிந்த, அறியாத எல்லாக் கோரிக்கைகளையும்" விட்டுக்கொடுக்கிறேன் என்கிறது. இரண்டு, நிறுவனம் தொடர்பான எல்லா ஆவணங்களையும் மின்னஞ்சல்களையும் 7 நாளில் அழித்துவிட்டு, அழித்தேன் என்று எழுதித் தர வேண்டும். மூன்று, 5 வருடம் ரகசியக் காப்பு, கூடவே ஒரு வருடம் இதே துறையில் யாருக்கும் ஆலோசனை சொல்லக்கூடாது. ஈக்விட்டி பற்றி ஒரு வார்த்தை இல்லை.

எனக்கு எவ்வளவு சேர வேண்டும், இதில் கையெழுத்துப் போடலாமா, இரண்டும்தான் கேள்வி.

நேர்கோடு எழுதியது:

இதில் குழப்பமே இல்லை நண்பரே. எழுத்தில் 0.5% என்று இருக்கிறது, அது உங்களுடையது. 24-ல் 14 மாதம், அதாவது 0.29 சதவீதம். இன்றைய நிறுவனத்தின் மதிப்பில் 0.29% என்ன என்று கணக்குப் போட்டுக் கேளுங்கள். போர்டு ஒப்புதல் வாங்காதது அவர்கள் தப்பு, உங்கள் தலைவலி இல்லை. அந்த ஒரு பக்கத்தில் கையெழுத்துப் போடவே போடாதீர்கள். வக்கீல் நோட்டீஸ் ஒன்று போனால் தானாக வழிக்கு வருவார்கள்.

பழையவாத்தியார் எழுதியது:

தம்பி, போர்டிலிருந்து விலகுவது வெறும் கடிதத்தோடு முடிகிற காரியம் இல்லை. ராஜினாமாவை இயக்குநர் குழு குறித்துக்கொள்ள வேண்டும், நிறுவனங்களைப் பதிவு செய்யும் அரசு அலுவலகத்துக்கும் தகவல் போக வேண்டும். அது போகாவிட்டால் நீங்கள் விலகிய பிறகும் ஆவணத்தில் இயக்குநராகவே இருப்பீர்கள். நாளைக்கு நிறுவனம் வரி கட்டாமல் விட்டால்கூட உங்களுக்குக் கடிதம் வரும். என் மைத்துனர் இப்படித்தான் மாட்டிக்கொண்டார்.

வெளிநடை எழுதியது:

சார், நான் இயக்குநர் இல்லை. அட்வைசரி போர்டு மட்டும்தான். எனக்கு ஓட்டும் இல்லை, போர்டு மீட்டிங்குக்குக் கூப்பிட்டதும் இல்லை.

பழையவாத்தியார் எழுதியது:

ஓ, சரி சரி. "போர்டு" என்ற சொல்லைப் பார்த்ததும் அங்கே போய்விட்டேன். அப்படியானால் அரசு அலுவலகப் பேச்சே இல்லை. ஆனால் அவர்கள் வலைத்தளத்திலும் முதலீட்டாளர்களுக்குக் காட்டுகிற ஸ்லைடுகளிலும் உங்கள் படம் எந்தத் தலைப்பின் கீழே இருக்கிறது என்று பாருங்கள். என்னைப் போலவே படிப்பவர்கள் நிறையப் பேர். விலகிய பிறகு படத்தை எடுக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

சில ஸ்டார்ட்அப்களுக்குக் கேப் டேபிள், அதாவது யாரிடம் எத்தனை பங்கு என்ற பட்டியலைப் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. நேர்கோடு சொன்னதில் பாதி சரி, பாதி ஆபத்து. அதை அப்படியே எடுத்துக்கொண்டு நிறுவனரிடம் போனீர்கள் என்றால் முதல் ஐந்து நிமிடத்திலேயே கணக்குத் தப்பு என்று காட்டிவிடுவார், அப்புறம் நீங்கள் சொல்கிற நியாயமும் எடுபடாது.

வெளிநடை, ஈக்விட்டி பற்றிய அந்த ஒரு வாக்கியத்தை ஒரு எழுத்து மாறாமல் இங்கே போடுங்கள். அதைப் பார்க்காமல் யாரும் எண் சொல்ல முடியாது. ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வது பற்றிய வரியையும் போடுங்கள்.

வெளிநடை எழுதியது:

இதோ அக்கா. பெயர்களை மட்டும் எடுத்துவிட்டு, நம் மொழியில் முடிந்தவரை அப்படியே எழுதுகிறேன்:

"போர்டு ஒப்புதலுக்கு உட்பட்டு, இந்த ஒப்பந்தத் தேதியன்று ஃபுல்லி டைல்யூட்டட் கணக்கில் 0.5 சதவீதத்துக்கு நிகரான சாதாரணப் பங்குகளை வாங்கும் ஆப்ஷனை நிறுவனம் ஆலோசகருக்கு வழங்கும். ஆலோசகர் சேவையில் தொடரும் வரை, ஒப்பந்தத் தேதியிலிருந்து 24 சம மாதப் பகுதிகளாக வெஸ்ட் ஆகும்."

முடித்துக்கொள்வது: "இரு தரப்பில் எவரும் 15 நாள் முன்னறிவிப்பை மின்னஞ்சலில் எழுத்துமூலம் தந்து முடித்துக்கொள்ளலாம்."

அன்று மொத்தம் 80 லட்சம் பங்குகள் இருந்தன என்று நிறுவனரே ஒரு மின்னஞ்சலில் சொல்லியிருக்கிறார். ரவுண்டுக்குப் பிறகு 1 கோடியே 10 லட்சம் என்று கேள்வி.

கணக்குப்பிள்ளை எழுதியது:

உங்கள் கேள்விக்கான பதில் முழுக்க "இந்த ஒப்பந்தத் தேதியன்று" என்ற சொற்களில் இருக்கிறது. சதவீதம் என்பது பேசும்போது சௌகரியமாக இருக்கும், ஆனால் யார் கையிலும் சதவீதம் இருப்பதில்லை, பங்குகளின் எண்ணிக்கைதான் இருக்கும். ஃபுல்லி டைல்யூட்டட் என்றால் ஆப்ஷன்களும் பங்காக மாறிவிட்டதாக வைத்துப் போடும் மொத்தக் கணக்கு. அந்த 80 லட்சத்தில் 0.5% என்றால் 40,000 பங்கு. அன்றைக்கே உறைந்துவிட்ட எண் அது. அப்புறம் புது முதலீட்டாளர் வந்து மொத்தம் 1 கோடியே 10 லட்சம் ஆனால், உங்கள் எண் மாறாது, சதவீதம்தான் இளைக்கும். நிறுவனருக்கும் அதே கதிதான்.

14 முழு மாதத்துக்கு 40,000 பெருக்கல் 14 வகுத்தல் 24, அதாவது 23,333. இன்றைய மொத்தத்தில் அது ஏறக்குறைய 0.21%. நேர்கோடு சொன்ன 0.29% வேண்டுமென்றால் கிட்டத்தட்ட 32,000 பங்கு கேட்க வேண்டும். ஒப்பந்தத்தில் அதற்கு இடமில்லை.

இப்போது தேதியைப் பாருங்கள். 14 மாதமும் 10 நாளும் ஆகிறது என்கிறீர்கள். இன்னும் 20 நாளில் 15-வது மாதம் முடியும். மாதக் கடைசி எத்தனை நாளில்?

வெளிநடை எழுதியது:

18 நாள்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

இரண்டே நாள்! மாதக் கடைசி என்று நீங்கள் போகிற போக்கில் எழுதிய வரியால் ஒரு மாதப் பகுதி போகும். 15 மாதம் முடிந்தால் சரியாக 25,000 பங்கு. புது வேலையில் எப்போது சேருகிறீர்கள்?

வெளிநடை எழுதியது:

அடுத்த மாதம் 15-ம் தேதிதான். மாதக் கடைசி என்றது பழக்கத்தில் வந்த வார்த்தை, வேறு காரணமே இல்லை.

நேர்கோடு எழுதியது:

ஆனால் வாட்ஸப்பில் மாதக் கடைசி என்று எழுதிவிட்டாரே. அதுவே முன்னறிவிப்பு ஆகிவிடாதா?

கணக்குப்பிள்ளை எழுதியது:

அவர் எழுதியது "விலகிக்கொள்ளலாம் என்று இருக்கிறேன்". அது எண்ணம், அறிவிப்பு இல்லை. போதாததற்கு ஒப்பந்தம் மின்னஞ்சல் என்கிறது. ஆகவே இன்னும் விலகவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். நிறுவனர் அடம் பிடித்தால் வாதாட இடமிருக்கிறது, மறுக்கவில்லை.

இதைவிடப் பெரிய விஷயம் வேறு. பங்கு 23,333-ஆ 25,000-ஆ என்பதெல்லாம் அப்புறம். இன்றைய தேதிக்கு உங்களிடம் இருப்பது பூஜ்யம். "வழங்கும்" என்பது வாக்குறுதி. போர்டு தீர்மானம் போட்டு, எத்தனை பங்கு, என்ன விலை என்று எழுதி உங்களுக்குக் கொடுத்தால்தான் ஆப்ஷன். பல ஆப்ஷன் திட்டங்களில், அன்றைய தேதியில் சேவையில் இருப்பவருக்குத்தான் வழங்கலாம் என்று இருக்கும். நீங்கள் முதலில் விலகிவிட்டு, போர்டு அப்புறம் கூடினால், "இவர் இப்போது ஆலோசகரே இல்லையே, திட்டத்தின் கீழ் எப்படிக் கொடுப்பது?" என்று அவர்கள் வக்கீலே கேட்பார். நிறுவனர் நல்லவராகவே இருந்தாலும் அந்தக் கேள்விக்குப் பதில் இருக்காது. சில நாடுகளில் ஊழியர் திட்டத்திலிருந்து வெளி ஆலோசகருக்குக் கொடுக்கவே முடியாது, வேறு வழியில்தான் பங்கு தர வேண்டும். அதையும் இப்போதே அவர்களிடம் கேளுங்கள்.

ஆகவே வரிசை இதுதான்: முதலில் போர்டு தீர்மானம், அதற்குப் பிறகு விலகல் தேதி. விலகுவதாக இன்றே கடிதம் கொடுங்கள், ஆனால் நடைமுறைக்கு வரும் தேதியை 15-வது மாதம் முடிந்து ஒன்றிரண்டு நாள் தள்ளி வையுங்கள். அதற்குள் போர்டு கூட வேண்டும் என்று அதே கடிதத்தில் கேளுங்கள். சின்ன நிறுவனத்தில் போர்டு நேரில் கூட வேண்டியதில்லை, பெரும்பாலும் எழுத்துமூல ஒப்புதலைச் சுற்றுக்கு விட்டுக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். மனசு வைத்தால் இரண்டு நாள் வேலை.

மூன்றாம்முயற்சி எழுதியது:

நிறுவனர் தரப்பிலிருந்து ஒரு குரல். நான் மூன்றாவது நிறுவனம் நடத்துகிறேன், ஆலோசகர்களுக்கு ஆப்ஷன் தர வேண்டியதை எட்டு மாதம் தள்ளிப்போட்ட பாவம் எனக்கும் உண்டு. ஏமாற்றும் எண்ணம் இல்லை. ஒவ்வொரு முறை ஆப்ஷன் போடும்போதும் மதிப்பீட்டு அறிக்கை வேண்டும், வக்கீலுக்குப் பணம் வேண்டும். நாலு பேரைச் சேர்த்து ஒரே தடவையில் போடலாம் என்று தோன்றும். அப்படியே ரவுண்டு வந்துவிடும், அந்த வேலையில் இது அடியில் போய்விடும்.

அந்த ஒரு பக்கமும் வக்கீல் அலுவலகத்து அச்சு. ஊழியர் போகும்போது கொடுக்கிற தாளில் பெயரை மாற்றி அனுப்பியிருப்பார். "இதில் என் ஈக்விட்டி விட்டுப்போயிற்று" என்று சொன்னாலே அசடு வழிவார்.

உங்களுக்குச் சாதகமான இன்னொரு விஷயம். ரவுண்டின்போது முதலீட்டாளர்கள், "பேசி வழங்காமல் வைத்திருக்கும் பங்குகள் உண்டா?" என்று கேட்டு எழுதி வாங்குவார்கள். அந்தப் பட்டியலில் உங்கள் 40,000 இருந்தால் நிறுவனம் தானே எழுதிக்கொடுத்த சாட்சி அது. இல்லை என்றால், முதலீட்டாளரிடம் ஒன்றை மறைத்த மாதிரி ஆகும், அதைச் சத்தமில்லாமல் சரிசெய்யத்தான் எந்த நிறுவனரும் பார்ப்பார். மிரட்டவெல்லாம் வேண்டாம். "ரவுண்டுப் பட்டியலில் என் பெயர் எப்படிப் போயிருக்கிறது?" என்று சாதாரணமாகக் கேளுங்கள், புரிந்துகொள்வார்.

நோட்டீஸ் மட்டும் அனுப்பிவிடாதீர்கள். என்னிடம் ஒருவர் அப்படி ஆரம்பித்தார். அதற்குப் பிறகு நான் அவரிடம் பேசவே வக்கீல் விடவில்லை. ஒரு வாரத்தில் முடிய வேண்டியது ஒரு வருடம் ஓடியது.

இரவுப்பறவை எழுதியது:

விலை பற்றி யாரும் பேசவில்லையே? ஆப்ஷன் என்றால், பங்கை வாங்க இவர் கட்ட வேண்டிய ஸ்ட்ரைக் விலையை அன்றைய மதிப்பில் வைப்பார்கள். 14 மாதம் முன்பே போர்டு போட்டிருந்தால் பழைய விலை. இப்போது போட்டால் ரவுண்டுக்குப் பிந்தைய விலை. அந்தத் தாமதம் இவர் செய்தது இல்லையே.

வெளிநடை எழுதியது:

இதுதான் வயிற்றைக் கலக்குகிறது. பங்கின் மதிப்பு அப்போதைக்கு இப்போது நாலு மடங்கு என்று நிறுவனரே பெருமையாகச் சொன்னார். தேதியைப் பின்னால் போட்டுக் கொடுக்கச் சொல்லலாமா?

கணக்குப்பிள்ளை எழுதியது:

கேட்கவே கேட்காதீர்கள். வெஸ்டிங் ஆரம்பித்த தேதியைப் பழைய தேதியாகப் போடலாம், அது சகஜம். ஆப்ஷன் வழங்கிய தேதியைப் பழையதாகக் காட்டி விலையைக் குறைப்பது வேறு. 2006-ல் அமெரிக்காவில் ஏராளமான நிறுவனங்கள் விசாரணைக்கு ஆளானது இதற்காகத்தான். வரித் தொல்லை உங்கள் தலையிலும் விழலாம்.

பேசிப் பார்க்கக்கூடியது இரண்டு. ஒன்று, விலை வித்தியாசத்துக்கு ஈடாகக் கொஞ்சம் கூடுதல் ஆப்ஷன். ஆனால் சில மாதம் தாமதம் என்பதற்காகப் போர்டு ஒப்புக்கொள்வது அபூர்வம், நான் ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறேன். இரண்டாவது, கால அவகாசம். இது கிடைக்கும், கேட்க மறந்துவிடாதீர்கள். விலகிய 90 நாளுக்குள் பணம் கட்டிப் பங்காக மாற்றாவிட்டால் வெஸ்ட் ஆன ஆப்ஷனும் காலாவதி என்பதுதான் பல திட்டங்களில் பொது விதி. 25,000 ஆப்ஷன் கையில் வந்து, புது விலையில் பணம் கட்ட மனமில்லாமல் மூன்று மாதத்தில் காணாமல் போனால் இத்தனை பேச்சும் வீண். போர்டு நினைத்தால் அந்த 90 நாளை ஒரு வருடம், இரண்டு வருடம் என்று நீட்டலாம். நிறுவனத்துக்கு அதில் உடனடிச் செலவு இல்லை.

மூன்றாம்முயற்சி எழுதியது:

அவகாசத்தில் எனக்கு உடன்பாடு. விலை விஷயத்தில் அக்கா சொல்வதை ஏற்க மாட்டேன். தாமதத்துக்குக் காரணம் நிறுவனம் என்றால் ஏதோ ஒரு ஈடு கொடுக்கத்தான் வேண்டும். நான் அந்த எட்டு மாதத்துக்கு ஒவ்வொருவருக்கும் கொஞ்சம் கூடுதலாகவே போட்டேன்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

உங்களைப் போல எல்லாரும் இருந்தால் எனக்குப் பாதி வேலை இல்லை.

தூரிகை எழுதியது:

ரகசியக் காப்புப் பக்கத்துக்கு வருகிறேன், ஏனென்றால் நான் சூடு பட்டது அங்கே.

நானும் இப்படி ஒரு நிறுவனத்துக்கு ஆலோசகராக இருந்தேன், பெயர் வேண்டாம். விலகும்போது பங்கு தர மாட்டார்களோ என்ற பயத்தில், நான் செய்த வேலைக்குச் சாட்சியாக இருக்கட்டும் என்று, பகிர்ந்த ஃபோல்டரிலிருந்து வாடிக்கையாளர் பட்டியலையும் விலை அட்டவணையையும் என் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொண்டேன். என்னைப் பொறுத்தவரை ஆதாரம். அவர்கள் பதிவில் பார்த்தால், விலகுவதற்கு இரண்டு நாள் முன்பு ராத்திரி 11 மணிக்கு 6 கோப்புகள் வெளியே போயிருக்கின்றன. அதற்குப் பிறகு பங்கு பற்றிய பேச்சே இல்லை, நான் ரகசியக் காப்பை மீறினேனா என்பதுதான் பேச்சு. கடைசியில் பாதிப் பங்கோடு விட்டுவிட்டேன்.

நீங்களும் பயத்தில் எதையும் இறக்கி வைத்திருந்தால், தயவு செய்து இப்போதே யோசியுங்கள்.

வெளிநடை எழுதியது:

நல்ல வேளை சொன்னீர்கள். நேற்று உட்கார்ந்து என்னிடம் என்னென்ன இருக்கிறது என்று பார்த்தேன். மடிக்கணினியில் அவர்களுடைய விலை அட்டவணை மூன்று பதிப்பு, ஒரு வாடிக்கையாளரின் கிடங்கு வரைபடம், முதலீட்டாளர் ஸ்லைடு. போனில் வாட்ஸப் குழு. ஒரு கோடு போட்ட நோட்டில் கூட்டக் குறிப்புகள், நடுநடுவே என் வீட்டுச் செலவுக் கணக்கும். மின்னஞ்சலில் எல்லாம் கலந்து கிடக்கிறது: ஈக்விட்டி பற்றிய பேச்சும் அதே இழையில், வாடிக்கையாளர் பெயர்களும் அதே இழையில். 80 லட்சம் பங்கு என்று அவர் சொன்னதும் அந்த இழையில்தான். எல்லாவற்றையும் அழித்துவிட்டு அழித்தேன் என்று எழுதிக் கொடுத்தால், என் கையில் என்ன மிஞ்சும்?

நேர்கோடு எழுதியது:

அதுதான் சொன்னேன், எதையும் அழிக்காதீர்கள். பங்கு கைக்கு வரும்வரை எல்லாம் உங்களிடமே இருக்கட்டும்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

அது தூரிகை போன வழி. பங்கு தரும்வரை ரகசியத்தைத் திருப்பித் தர மாட்டேன் என்பது பணயம் வைப்பது மாதிரி. இரண்டும் தனித்தனிக் கடமை. அவர்கள் பங்கு தராவிட்டாலும் நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. நீங்கள் விலகினாலும் அவர்கள் பங்கு தர வேண்டும்.

வெளிநடை, உங்கள் குவியலில் இரண்டு வகை இருக்கிறது. விலை அட்டவணை, வரைபடம், ஸ்லைடு எல்லாம் அவர்கள் சொத்து. திருப்பிக் கொடுங்கள், பிறகு அழியுங்கள், என்னென்ன அழித்தீர்கள் என்று பெயர் சொல்லி எழுதிக் கொடுங்கள். நோட்டில் அந்தப் பக்கங்களை மட்டும் கிழித்து ஒப்படையுங்கள். ஒப்பந்தப் பிரதியும் உங்கள் ஈக்விட்டி பற்றிய கடிதப் போக்குவரத்தும் அப்படி இல்லை. அது உங்கள் இருவருக்கும் நடுவில் உள்ள பேரம், அதை வைத்துக்கொள்ள உங்களுக்கு நியாயமான காரணம் உண்டு. அவர்கள் அனுப்பிய தாளில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: "இந்த ஒப்பந்தம், ஈக்விட்டி ஆகியவை தொடர்பான ஆவணங்களையும் கடிதங்களையும் ஆலோசகர் தன் பதிவுக்காக வைத்துக்கொள்ளலாம், அவற்றுக்கும் ரகசியக் காப்பு பொருந்தும்." வாடிக்கையாளர் பெயர் கலந்திருந்தால் அந்தப் பெயர்களை மறைத்து அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள், மூல இழையை என்ன செய்வது என்று அவர்களையே கேளுங்கள். தானியங்கி பேக்கப்பில் தங்கிவிட்டதை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள், "முற்றிலும் அழித்தேன்" என்று பொய் எழுத வேண்டாம்.

5 வருடம் என்கிறார்களே, முதல் ஒப்பந்தத்தில் எத்தனை?

வெளிநடை எழுதியது:

2 வருடம். வணிக ரகசியங்களுக்கு மட்டும் அவை ரகசியமாக இருக்கும்வரை. ஒரு வருடத் தடை என்று எதுவும் அதில் இல்லை.

கணக்குப்பிள்ளை எழுதியது:

அப்படியானால் விலகினாலும் அந்த 2 வருடம் தானாக ஓடிக்கொண்டிருக்கும். புதிதாக 5 வருடமும் துறைத் தடையும் கேட்பது புதுப் பேரம், அதற்குப் பதிலாக அவர்கள் எதுவும் தரவில்லை. "ஏற்கெனவே ஒப்புக்கொண்ட ரகசியக் காப்பு தொடர்கிறது என்பதை உறுதி செய்கிறேன்" என்ற அளவில் நிறுத்துங்கள்.

விட்டுக்கொடுக்கும் வாசகத்தை முழுக்க நீக்கச் சொல்ல வேண்டாம், அவர்கள் வக்கீல் விட மாட்டார். "வெஸ்ட் ஆன ஆப்ஷன்கள் நீங்கலாக" என்று எண்ணோடு சேர்த்தால் போதும்.

வெளிநடை எழுதியது:

சரி, கடிதம் எழுதிப் பார்த்தேன். அடித்துத் திருத்துங்கள்:

"அன்புள்ள _____, ஆலோசகர் பொறுப்பிலிருந்து விலகுகிறேன். இது ஒப்பந்தப்படியான எழுத்துமூல முன்னறிவிப்பு. விலகல் நடைமுறைக்கு வரும் தேதி அடுத்த மாதம் 4. இந்தத் தேதியே என் முந்தைய செய்தியில் சொன்ன காலத்துக்குப் பதிலாகும். அன்று 15 மாதப் பகுதிகள் நிறைவடைந்திருக்கும். 40,000-ல் 25,000 பங்குகளுக்கான ஆப்ஷன் வெஸ்ட் ஆகியிருக்கும் என்பது என் கணக்கு. இதை வழங்கும் போர்டு ஒப்புதல் அந்தத் தேதிக்கு முன்பே கிடைக்கும்படி செய்யவும், மாற்றிக்கொள்ளும் அவகாசத்தை 24 மாதமாக நீட்டவும் கேட்டுக்கொள்கிறேன். எண்ணில் மாறுபாடு இருந்தால் உங்கள் கணக்கைத் தெரிவியுங்கள். ரகசியக் காப்பு ஒப்பந்தப்படி தொடரும். உங்கள் ஆவணங்களை 7 நாளில் திருப்பி அனுப்புகிறேன். வலைத்தளத்திலிருந்தும் ஸ்லைடுகளிலிருந்தும் என் பெயரை எடுத்துவிடவும்."

மூன்றாம்முயற்சி எழுதியது:

எனக்கு இந்தக் கடிதம் வந்திருந்தால் அன்றே போர்டுக்கு அனுப்பியிருப்பேன். "எண்ணில் மாறுபாடு இருந்தால்" என்ற வரி ரொம்ப நல்லது, பதில் சொல்லியே ஆக வேண்டும். முதலில் போனில் சொல்லிவிட்டு அப்புறம் அனுப்புங்கள்.

பழையவாத்தியார் எழுதியது:

என் வலைத்தள வரியும் உள்ளே வந்துவிட்டது. மகிழ்ச்சி தம்பி.

வெளிநடை எழுதியது (மூன்று வாரம் கழித்து):

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். போனில் பேசினேன். தாளில் ஈக்விட்டி விட்டுப்போனது அவருக்கே தெரியவில்லை. ரவுண்டுப் பட்டியலில் என் பெயர் இருந்ததாம், ஆனால் 0.5% என்று மட்டும், எண் இல்லாமல். அதனால் 40,000 என்று எங்கிருந்து வந்தது என்று அவர்கள் வக்கீல் கேட்டார். 80 லட்சம் என்று நிறுவனர் எழுதிய அந்த மின்னஞ்சலைக் காட்டியதும் பேச்சு முடிந்தது. எல்லாவற்றையும் அழித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன்.

விலகும் தேதிக்கு ஒரு நாள் முன்புதான் போர்டு ஒப்புதல் வந்தது. 40,000-க்கு வழங்கி, 25,000 வெஸ்ட், மீதி ரத்து. அவகாசம் 24 மாதம் கேட்டேன், 12 கொடுத்தார்கள். ரகசியக் காப்பு பழைய 2 வருடம்தான். "நீங்கலாக" வரியும் ஆவணம் வைத்துக்கொள்ளும் வரியும் சேர்ந்தன. துறைத் தடை போயிற்று, ஆனால் அதற்குப் பதிலாக இரண்டு நிறுவனங்களின் பெயரைச் சொல்லி ஆறு மாதத்துக்கு அவர்களுக்கு ஆலோசனை கூடாது என்றார்கள். எப்படியும் புது வேலையில் எனக்கு அது முடியாது என்பதால் ஒப்புக்கொண்டேன்.

விலை மட்டும் புது விலைதான். ஈடு கேட்டேன், "பார்க்கலாம்" என்றார்.

இரவுப்பறவை எழுதியது:

"பார்க்கலாம்" என்பதை எழுத்தில் வாங்கினீர்களா?

வெளிநடை எழுதியது:

இல்லை. போனில்தான்.